பசளை கூடினால் விளைச்சல் கூடுமா, தண்ணீர் உள்ள வயலுக்குத்தான் பசளை போகிறதா? ஓ.எல்.எஸ், ஐ.வி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை

மட்டக்களப்பின் படுவான்கரையில் 200 வயல்களில் கணக்கெடுப்பு நடத்தியதாக வைத்துக்கொள்வோம். பெரும்போகம் முடிந்து வெட்டும் ஆகிவிட்டது. ஒவ்வொரு வயலுக்கும் ஏக்கருக்கு எத்தனை மூடை யூரியா போட்டார்கள், ஏக்கருக்கு எத்தனை மூடை நெல் கிடைத்தது என்று எழுதி வைத்திருக்கிறோம். கேள்வி ஒன்றுதான்: ஒரு மூடை யூரியாவைக் கூடுதலாகப் போட்டால் எத்தனை மூடை நெல் கூடுதலாகக் கிடைக்கும்? (இந்த 200 வயல்களின் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. கையாலேயே சரிபார்க்கக்கூடிய மாதிரி அமைத்திருக்கிறேன்.)

சாதாரண குறைந்த வர்க்க முறை, அதாவது ஓ.எல்.எஸ், இந்தத் தரவுக்கு 5.2 என்று விடை தருகிறது. ஒரு மூடை யூரியாவுக்கு ஐந்து மூடைக்கும் மேல் நெல். மாதிரிக்கு மாதிரி இந்த விடை எவ்வளவு ஆடக்கூடும் என்பதைக் காட்டும் நியம வழு 0.28. எண் பார்க்க உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் வேளாமை செய்கிற யாரிடமாவது இதைக் காட்டினால் உடனே ஒன்று கேட்பார்: "யூரியாவைக் கூடப் போட்டது ஆர்? வாய்க்கால் தலைப்பில வயல் வச்சிருக்கிறவன்தானே?"

அந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. உன்னிச்சைக் குளம் போன்ற ஒரு குளத்து வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவருக்குத் தண்ணீர் நேரத்துக்கு வரும். போட்ட யூரியா வீணாகாது என்று தெரிந்து தாராளமாகப் போடுவார். கடைக்கோடியில் வயல் உள்ளவருக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று நிச்சயமில்லை. காய்ந்த வயலில் யூரியாவைக் கொட்ட அவருக்கு மனம் வராது. தண்ணீர் தன்பாட்டிலேயே விளைச்சலைக் கூட்டும். அப்படியென்றால் அந்த 5.2 இல் பசளையின் பங்கும் தண்ணீரின் பங்கும் கலந்து கிடக்கின்றன. நம் கணக்கெடுப்பில் தண்ணீர் பற்றிய கேள்வியே இல்லை.

விளக்கும் மாறியான யூரியா, நாம் அளக்காமல் வழு உறுப்புக்குள் விட்ட ஏதோ ஒன்றோடு சேர்ந்து அசைந்தால் அந்த மாறியை எண்டோஜீனஸ் மாறி என்கிறோம். இங்கே அதை அகச்சார்பு உள்ள மாறி என்று எழுதுகிறேன். அந்தத் தொடர்பு இல்லாவிட்டால் அது புறமாறி. வழு உறுப்பை யாரும் கண்ணால் காண முடியாது. ஆகவே யூரியாவுக்கும் வழுவுக்கும் தொடர்பு உண்டா என்பதை நேரடியாகச் சோதிக்க வழி இல்லை. உண்மை விளைச்சலிலிருந்து ஓ.எல்.எஸ் கணித்த விளைச்சலைக் கழித்தால் மிஞ்சும் எச்சத்தை எடுத்து யூரியாவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். அதில் பயன் இல்லை. ஓ.எல்.எஸ் எச்சங்கள், கணக்கின் அமைப்பினாலேயே, விளக்கும் மாறியோடு சரியாகப் பூச்சியத் தொடர்பு கொண்டவை. எவ்வளவு பிழையான மாதிரியுரு ஆனாலும் அப்படித்தான் வரும். ஆக வேறு பக்கத்தால் வர வேண்டும்.

இரண்டாவது விடை ஒன்று வேண்டும்

அந்தப் போகத்தில் ஒரு உதவித் திட்டம் குலுக்கல் முறையில் பாதி விவசாயிகளுக்குப் பசளைக் கூப்பன் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். 100 பேருக்குக் கிடைத்தது, 100 பேருக்குக் கிடைக்கவில்லை. குலுக்கலுக்கு யாருடைய வயல் தலைப்பில், யாருடையது கடைக்கோடியில் என்று தெரியாது. ஆகவே கூப்பன் தண்ணீரோடு தொடர்பில்லாதது. அதே நேரம் கூப்பன் கிடைத்தவர் கூடுதலாக யூரியா போடுவார். கூப்பன் வேறு எந்த வழியாலும் விளைச்சலைத் தொடாது என்றால் அதுதான் நமக்குக் கருவி மாறி.

கணக்கு எளிது. கூப்பன் கிடைக்காதவர்கள் சராசரியாக 2 மூடை யூரியா போட்டார்கள், விளைச்சல் சராசரி 24 மூடை. கிடைத்தவர்கள் 3 மூடை போட்டார்கள், விளைச்சல் 26 மூடை. கூப்பன் யூரியாவை 1 மூடையால் கூட்டியது, விளைச்சலை 2 மூடையால் கூட்டியது. ஆக ஒரு மூடை யூரியாவுக்கு 2 மூடை நெல். இதுதான் கருவி மாறி மதிப்பீடு, சுருக்கமாக ஐ.வி. இதன் நியம வழு 0.80.

இப்போது ஒரே கேள்விக்கு 5.2, 2 என்று இரண்டு விடைகள். ஐ.வி விடை வித்தியாசமாக வந்துவிட்டது, ஆகவே அகச்சார்பு இருக்கிறது என்று உடனே முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அது அவசரம். ஐ.வி, யூரியாவில் உள்ள ஏற்ற இறக்கத்தில் கூப்பனால் வந்த சிறு பங்கை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கிறது. அதனால் அது இயல்பிலேயே அதிகம் ஆடும். அகச்சார்பு துளியும் இல்லாவிட்டாலும் இரண்டு விடைகளும் ஒன்றாக வராது. கேட்க வேண்டியது இதுதான்: இந்த 3.2 மூடை இடைவெளி, தற்செயலாக வரக்கூடிய அளவுக்குள் இருக்கிறதா, அதைத் தாண்டிவிட்டதா?

இந்தக் கேள்விக்குக் கணக்கு அமைத்தவர்கள் மூவர். 1954 இல் டர்பின், 1973 இல் வூ, 1978 இல் ஹவுஸ்மன். மூவரின் பெயரையும் சேர்த்து டர்பின்-வூ-ஹவுஸ்மன் சோதனை என்பார்கள். சுருக்கமாக ஹவுஸ்மன் சோதனை என்றும் சொல்வதுண்டு.

தர்க்கம் இப்படிப் போகிறது. யூரியா புறமாறி என்றால் ஓ.எல்.எஸ், ஐ.வி இரண்டும் உண்மையான ஒரே எண்ணைத்தான் குறிவைக்கின்றன. மாதிரி பெரிதாகப் பெரிதாக இரண்டும் அதை நெருங்கும். யூரியாவில் அகச்சார்பு இருந்தால் ஐ.வி மட்டும் உண்மையை நெருங்கும், ஓ.எல்.எஸ் வேறெங்கோ போய் நிற்கும். ஆகவே சூனியக் கருதுகோள் ‘யூரியா புறமாறி’ என்பது. இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையிலான வித்தியாசம் பூச்சியத்திலிருந்து போதிய அளவு விலகினால் அந்தக் கருதுகோளை நிராகரிக்கிறோம்.

இடைவெளியை எதால் வகுப்பது

எந்த டி சோதனையையும் போல, இடைவெளியை அதன் நியம வழுவால் வகுக்க வேண்டும். ஒரே தரவிலிருந்து வந்த இரண்டு மதிப்பீடுகளின் வித்தியாசத்துக்கு நியம வழு எடுப்பதென்றால், இரண்டும் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்பதைக் காட்டும் இணைமாற்றமும் வேண்டுமே என்று தோன்றும். ஹவுஸ்மனின் பங்களிப்பு இங்கேதான். சூனியக் கருதுகோள் சரி என்றால், வழுவின் பரவல் எல்லா வயலிலும் ஒரே அளவு என்ற நிபந்தனையோடு, ஓ.எல்.எஸ்தான் இருப்பதில் மிகத் துல்லியமான மதிப்பீடு. அப்படிப்பட்ட மதிப்பீடு, தனக்கும் இன்னொரு மதிப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தோடு தொடர்பற்றதாகத்தான் இருக்க முடியும். தொடர்பு இருந்தால் இரண்டையும் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்து இன்னும் துல்லியமான ஒன்றைச் செய்துவிடலாம். அப்போது ஓ.எல்.எஸ் மிகத் துல்லியமானது என்று நாம் சொன்னதே பொய்யாகிவிடும். ஆகவே இணைமாற்றத்தைத் தேட வேண்டியதில்லை. இரண்டு நியம வழுக்களின் வர்க்கங்களைக் கழித்தால் போதும்.

நம் எண்களை வைத்துப் பார்ப்போம். 0.80 இன் வர்க்கம் 0.64, 0.28 இன் வர்க்கம் ஏறத்தாழ 0.08. கழித்தால் 0.56, அதன் வர்க்கமூலம் 0.75. இடைவெளி 3.2 ஐ 0.75 ஆல் வகுத்தால் நாலேகாலுக்குக் கிட்ட வருகிறது. 5% மட்டத்துக்கு 1.96 போதும். ஆக இந்த இடைவெளி தற்செயல் அல்ல.

எச்சத்தைச் சேர்த்துப் பார்க்கும் வழி

மேலே சொன்னது யோசனையை விளங்கிக்கொள்ள நல்லது. நடைமுறையில் நான் யாருக்கும் பரிந்துரைப்பது அதையல்ல. இதே சோதனையை இரண்டு சாதாரணப் பிற்செலவுகளால், அதாவது ரிக்ரெஷன்களால், செய்யலாம். அது எளிது, அதோடு உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் தெளிவாகக் காட்டும்.

முதல் படியில் யூரியாவைக் கூப்பன் மீது பிற்செலவு செய்து எச்சத்தை எடுத்து வைக்கிறோம். ஒரு விவசாயி போட்ட யூரியா இப்படி இரண்டு துண்டாகப் பிரிகிறது: கூப்பனால் விளக்கக்கூடிய பங்கு ஒன்று, மீதி ஒன்று. கூப்பன் குலுக்கலில் வந்தது, ஆகவே முதல் துண்டில் தண்ணீரின் கலப்பு இல்லை. தண்ணீர் எங்கேயாவது ஒளிந்திருந்தால் அது மீதித் துண்டில்தான், அதாவது எச்சத்தில்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் படியில் விளைச்சலை யூரியா மீது பிற்செலவு செய்கிறோம், கூடவே அந்த எச்சத்தையும் இன்னொரு விளக்கும் மாறியாகச் சேர்க்கிறோம். யூரியா உள்ளே வந்த பிறகும் எச்சத்துக்குத் தனியாக விளைச்சலை அசைக்கும் சக்தி இருந்தால், அந்த எச்சம் யூரியாவைத் தவிர வேறொன்றையும் சுமந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆகவே எச்சத்தின் குணகத்துக்கு வரும் டி பெறுமதிதான் அகச்சார்புச் சோதனை. வேறொன்றும் தேவையில்லை.

ஆர் மென்பொருளில் நம் 200 வயல்களையும் உருவாக்கிச் சோதனையையும் செய்து பார்க்க இவ்வளவு போதும். `z` கூப்பன், `s` தண்ணீர், `e` மற்ற தற்செயல் காரணங்கள், `x` யூரியா, `y` விளைச்சல்:

```r
d <- expand.grid(e = c(-4, 4), s = c(-1, 1),
                 z = c(0, 1), k = 1:25)
d$x <- 2 + d$z + d$s
d$y <- 20 + 2*d$x + 4*d$s + d$e

d$v <- resid(lm(x ~ z, data = d))
summary(lm(y ~ x, data = d))
summary(lm(y ~ x + v, data = d))
```

உண்மையில் யூரியாவின் விளைவு 2 என்றும் தண்ணீரின் விளைவு 4 என்றும் நாமே வைத்திருக்கிறோம். பிற்செலவுகளுக்கு `s` ஐக் காட்டவில்லை. முதல் பிற்செலவு 5.2 என்று சொல்லும். இரண்டாவதில் `x` இன் குணகம் 2, `v` இன் குணகம் 4, அதன் நியம வழு 0.64, டி பெறுமதி 6.28. புறமாறி என்ற கருதுகோள் தெளிவாக நிராகரிக்கப்படுகிறது.

இந்த வெளியீட்டில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவை உண்டு. இரண்டாம் பிற்செலவில் `x` இன் குணகம் நாம் கையால் கண்ட ஐ.வி மதிப்பீடான அதே 2. இது எப்போதும் நடக்கும். நடக்காவிட்டால் முதல் படியில் ஏதோ விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் விடுபடுவது மற்றக் கட்டுப்பாட்டு மாறிகள். விளைச்சல் சமன்பாட்டில் நெல்லினம், விதைத்த வாரம், வயலின் பரப்பு எல்லாம் இருந்தால், அவை அத்தனையும் முதல் படியிலும் கூப்பனோடு சேர்ந்து இருக்க வேண்டும். மாணவர்களின் ஆய்வறிக்கைகளில் இந்த இடம் அடிக்கடி சறுக்கும். எச்சத்தைச் சேர்த்த பிற்செலவின் `x` குணகத்தை ஐ.வி கட்டளை தரும் விடையோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால் பிழை தானாகத் தெரிந்துவிடும்.

ஆனால் அதே `x` குணகத்துக்குப் பக்கத்தில் அச்சாகும் நியம வழுவை எடுக்க வேண்டாம். இங்கே அது 0.57 என்று வரும், சரியான ஐ.வி நியம வழு 0.80. இந்தப் பிற்செலவு எச்சத்துக்கான சோதனைக்காகக் கட்டியது. கருதுகோளை நிராகரித்த பிறகு யூரியாவின் விளைவை அறிக்கையில் எழுதும்போது ஐ.வி கட்டளையின் நியம வழுவைத்தான் எழுத வேண்டும்.

நேரடி ஒப்பீட்டில் நாலேகால் வந்தது, இங்கே 6.28 வந்தது, ஏன் என்றும் கேட்கலாம். முதலாவதில் ஐ.வி நியம வழு, தண்ணீரின் பாதிப்பையும் சேர்த்து வழுவாகக் கணக்கிட்டது. இரண்டாவதில் எச்சம் அந்தப் பங்கைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டதால் மிஞ்சிய வழு சிறியது. சூனியக் கருதுகோள் உண்மையானால் பெரிய மாதிரியில் இரண்டும் ஒரே எண்ணுக்கு வந்து சேரும். உண்மையில்லாதபோது விலகும், அது பிழையல்ல. `ivreg` பொதியில் `summary` கட்டளைக்கு `diagnostics = TRUE` கொடுத்தால் `Wu-Hausman` என்ற வரியில் வரும் எண் இந்த 6.28 இன் வர்க்கம், ஏறத்தாழ 39.4.

எச்ச முறையை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வர்க்கங்களைக் கழிக்கும் முறை, எல்லா வயலிலும் வழு ஒரே அளவு பரவியிருக்கிறது, வயலுக்கு வயல் வழுக்கள் சார்பற்றவை என்ற நிபந்தனையில் நிற்கிறது. ஒரே வட்டையில் உள்ள வயல்களுக்கு ஒரே வாய்க்கால், ஒரே வட்டவிதானையின் தண்ணீர் முறை. அந்த நிபந்தனை அங்கே நிற்காது. நின்றதாக நினைத்துக் கழித்தால் சில வேளைகளில் மறை எண் வந்துவிடும், வர்க்கமூலம் எடுக்கவே முடியாது. எச்ச முறையில் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டாம் பிற்செலவின் நியம வழுக்களை வட்டை வாரியாகக் கொத்தாக்கிக் கணித்தால் போதும்.

நிராகரிக்க முடியவில்லை என்றால்

இனி வருவதைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்க்கிறேன். சோதனை நிராகரிக்கவில்லை, ஆகவே யூரியா புறமாறிதான், ஓ.எல்.எஸ் சரி என்று எழுதி முடிப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

மேலே உள்ள நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றுங்கள். கூப்பனின் பெறுமதி குறைவு, அதைப் பெற்றவர்கள் ஒரு மூடைக்குப் பதிலாக 0.2 மூடை மட்டும் கூடுதலாகப் போட்டார்கள் என்று வைப்போம்:

```r
d$x <- 2 + 0.2*d$z + d$s
```

`d$y` தொடங்கி மீதி வரிகளையும் மறுபடி ஓட்டுங்கள். தண்ணீரின் விளைவு அதே 4. யூரியாவின் உண்மையான விளைவு அதே 2. ஓ.எல்.எஸ் இப்போது 5.96 என்று சொல்லும், முன்பைவிட மோசமாக உண்மையிலிருந்து விலகியிருக்கிறது. ஆனால் எச்சத்தின் டி பெறுமதி 6.28 இலிருந்து 1.40 ஆக விழுந்துவிடும். சோதனை நிராகரிக்கவில்லை!

அகச்சார்பு எங்கும் போகவில்லை. கருவிதான் பலவீனமாகிவிட்டது. கூப்பன் யூரியாவை அசைக்காவிட்டால் யூரியாவும் எச்சமும் ஏறக்குறைய ஒரே மாறியாகிவிடுகின்றன. எதன் விளைவு எது என்று பிற்செலவால் பிரிக்க முடிவதில்லை, நியம வழு 2.86 வரை வீங்கிவிடுகிறது. ஆகவே எச்சத்தின் டி பெறுமதியைப் பார்ப்பதற்கு முன், கருவி யூரியாவை எவ்வளவு பலமாக அசைக்கிறது என்பதைக் காட்டும் முதல் படியின் எஃப் பெறுமதியைப் பார்க்க வேண்டும். முதல் அமைப்பில் அது 49.5, இரண்டாவதில் 1.98. எஃப் 10 க்குக் கீழே போனால் கருவி பலவீனம் என்பது பழக்கத்தில் உள்ள ஓர் எல்லை. இப்போது பலர் 10 கூடப் போதாது என்கிறார்கள். 1.98 ஐ வைத்துக்கொண்டு அகச்சார்பு பற்றி எதுவுமே பேச முடியாது.

நிஜத் தரவிலும் இது நடக்கிறது. கல்விக்கும் சம்பளத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி டேவிட் கார்ட் 1995 இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. 2021 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அமெரிக்க இளைஞர்கள் 3,010 பேரின் 1976 ஆம் ஆண்டுச் சம்பளம். நான்கு வருடப் பட்டம் தரும் கல்லூரிக்குக் கிட்ட வளர்ந்தாரா என்பது கருவி. ஓ.எல்.எஸ் ஒரு வருடக் கல்விக்கு ஏறத்தாழ 7.5% சம்பள உயர்வு என்கிறது, நியம வழு 0.3. ஐ.வி 13.2% என்கிறது, நியம வழு 5.5.

7.5 எங்கே, 13.2 எங்கே! ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் சோதனையைச் செய்து பாருங்கள். இடைவெளி 5.7. 5.5 இன் வர்க்கத்திலிருந்து 0.3 இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் கிட்டத்தட்ட அதே 5.5. வகுத்தால் 1.04. நிராகரிக்க முடியாது. இதை வைத்துக் கல்வி புறமாறி என்று சொல்லலாமா? ஐ.வி யின் 95% நம்பிக்கை இடைவெளி 2.4% இலிருந்து 24% வரை நீளுகிறது. அவ்வளவு அகலமான இடைவெளிக்குள் ஓ.எல்.எஸ் விடை விழுந்தது பெரிய செய்தி அல்ல. இந்தத் தரவும் இந்தக் கருவியும் கேள்வியைத் தீர்க்கப் போதாது என்பதுதான் நேர்மையான வாசிப்பு.

கருவியே கெட்டது என்றால்

சோதனை முழுவதும் ஐ.வி யை நம்பி நிற்கிறது. கூப்பன் தண்ணீரோடு தொடர்பில்லாதது என்பதைச் சோதனை சரிபார்ப்பதில்லை, எடுத்துக்கொள்கிறது. கருவி பழுதானால் இடைவெளி எதைக் காட்டுகிறது என்றே சொல்ல முடியாது. ஓ.எல்.எஸ் சரியாக இருந்து ஐ.வி பிழையாகிக்கூட நிராகரிப்பு வரலாம்.

குலுக்கல் கூப்பன் எல்லா இடத்திலும் கிடைக்காது. அப்போது முதலில் மனதுக்கு வருவது கமநல சேவை நிலையத்துக்கு உள்ள தூரம். கிட்ட இருப்பவருக்குப் பசளை எடுப்பது சுலபம், ஆகவே தூரம் யூரியாவை அசைக்கும். அது சரி. ஆனால் நிலையத்துக்குக் கிட்ட இருப்பவர் பெரும்பாலும் பிரதான வீதிக்கும் கிட்ட இருப்பார். வெட்டு மெசின் நேரத்துக்கு வரும், ஆலோசனை கிடைக்கும், சந்தையும் கிட்ட. இவை யூரியாவைத் தொடாமலே விளைச்சலைத் தொடும். தூரத்தைக் கருவியாக வைத்து வந்த ஐ.வி யை ஓ.எல்.எஸ்சோடு ஒப்பிட்டால், இரண்டு பிழையான எண்களை ஒப்பிட்டதாகத்தான் முடியும்.

இன்னொன்று 2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதித் தடை. யாருடைய வயல் என்று பார்க்காமல் வெளியிலிருந்து வந்த அதிர்ச்சி, இதைவிட நல்ல கருவி உண்டா என்று தோன்றும். நானும் இதைக் கவர்ச்சியான யோசனை என்றே சொல்வேன், ஆனால் இந்த வேலைக்கு அது உதவாது. ஒரே போகத்துக்குள் பார்த்தால் தடை எல்லோருக்கும் ஒன்றுதான், ஆகவே வயலுக்கு வயல் வித்தியாசம் தராது. இரண்டு போகங்களை ஒப்பிட்டால் மழையும் மாறியிருக்கும், நோயும் மாறியிருக்கும். அதைவிட முக்கியம், அந்தத் தடை பசளையோடு நிற்கவில்லை, களைநாசினி, பூச்சிநாசினி இறக்குமதியையும் தொட்டது. புல் மண்டிய வயலில் விளைச்சல் குறைந்ததை யூரியாவின் கணக்கில் எழுதிவிடுவோம். கருவி ஒரே வழியால்தான் விளைச்சலைத் தொட வேண்டும் என்ற நிபந்தனை அங்கேயே உடைந்துவிடுகிறது.

நிராகரித்த பிறகும்

நல்ல கருவி, பலமான முதல் படி, தெளிவான நிராகரிப்பு எல்லாம் கிடைத்துவிட்டது என்று வைப்போம். இரண்டு விடைகளும் வேறு வேறு என்பது உறுதி. ஏன் என்பதைச் சோதனை சொல்லாது.

திசையைப் பார்த்தால் ஒரு துப்புக் கிடைக்கும். நம் உதாரணத்தில் ஓ.எல்.எஸ் பெரிது, ஐ.வி சிறிது. நல்ல வயலுக்குக் கூடப் பசளை போகிறது என்ற கதைக்கு இது பொருந்துகிறது. மறுபக்கம், போகம் முடிந்து மாதக்கணக்கான பிறகு எத்தனை மூடை போட்டீர்கள் என்று கேட்டால் விவசாயி நினைவிலிருந்து ஒரு எண்ணைச் சொல்வார். அந்த நினைவுப் பிசகு ஓ.எல்.எஸ் குணகத்தைப் பூச்சியத்தின் பக்கம் இழுக்கும், அப்போது ஐ.வி பெரிதாக வரும். அதுவும் அகச்சார்புதான், ஆனால் அதற்கான பரிகாரம் வேறு: வயலில் வைத்தே பசளைக் கணக்கை எழுதுவது.

மூன்றாவதாக, யூரியாவின் விளைவு எல்லா வயலிலும் ஒன்று என்று இதுவரை நினைத்துக்கொண்டோம். கையில் காசு உள்ள போடியாருக்குக் கூப்பன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர் போடுவதைத்தான் போடுவார். கூப்பனால் மாறியவர்கள் பணம் இல்லாத சிறு விவசாயிகள் மட்டும் என்றால், ஐ.வி தரும் 2 அவர்களுடைய வயல்களின் விளைவு. ஓ.எல்.எஸ் எல்லா வயல்களையும் கலந்து தருகிறது. தண்ணீரின் கலப்பு எதுவும் இல்லாமலே இரண்டும் விலகலாம், சோதனையும் நிராகரிக்கலாம். இதைப் பிரித்தறியச் சோதனைக்குள் வழி இல்லை. கூப்பன் யாரை அசைத்தது என்று தரவில் தேட வேண்டும்: காணியின் அளவு வாரியாக முதல் படியைத் தனித்தனியே ஓட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும்.

கடைசியாக, சோதனையின் முடிவைப் பார்த்து, நிராகரித்தால் ஐ.வி, இல்லையென்றால் ஓ.எல்.எஸ் என்று தெரிவு செய்யும் பழக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படித் தெரிவு செய்த பிறகு வழக்கமான நியம வழுவை எழுதினால், 5% என்று சொன்ன பிழை வாய்ப்பு அதைவிட மிகப் பெரிதாகிவிடலாம் என்பதை குகன்பெர்கர் 2010 இல் காட்டினார். காரணம் நாம் மேலே பார்த்ததுதான்: அகச்சார்பு மிதமாக இருக்கும்போது சோதனை அதைத் தவறவிடும், நாம் பிழையான ஓ.எல்.எஸ்சை அதன் சின்ன நியம வழுவோடு நம்பிக்கையாக வெளியிடுவோம். ஆகவே கருவி நம்பத்தக்கது, முதல் படி பலமானது என்றால், சோதனை என்ன சொன்னாலும் ஐ.வி முடிவை முன்னே வைத்து, ஓ.எல்.எஸ்சைப் பக்கத்தில் எழுதுவதே என் தெரிவு. நம் 200 வயல்களுக்கு அந்த வரி இப்படி வரும்: ஐ.வி 2.0, நியம வழு 0.80, ஓ.எல்.எஸ் 5.2, நியம வழு 0.28; முதல் படி எஃப் 49.5, எச்சத்தின் டி 6.28, கருவி, குலுக்கலில் கிடைத்த பசளைக் கூப்பன்.